நூபுர கங்கைப் படத்துக்குப் பின்னணிக் குரல்: குளியலைப் பற்றி எழுதியது சரியா?

மேலூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து பத்து நிமிடப் படம் ஒன்று எடுத்திருக்கிறோம். ஒரு குடும்பம் அழகர்மலைக்கு மேலே போய் நூபுர கங்கையில் குளிக்கிறது, ராக்காயி அம்மனைக் கும்பிடுகிறது, இறங்கும் வழியில் பழமுதிர்சோலை முருகனைப் பார்க்கிறது, கடைசியில் கீழே பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் நிற்கிறது. காட்சிகள் முடிந்துவிட்டன. பின்னணிக் குரலுக்கான எழுத்து என் பொறுப்பு. குளியல் காட்சிக்கு நான் எழுதியிருப்பது இது:

"நம் முன்னோர்கள் அறிவியல் அறிந்தவர்கள். பலர் கூடும் கோயிலுக்குள் நோய் பரவக் கூடாது என்பதற்காகவே குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். மூலிகை கலந்து வரும் மலை நீர் உடலின் அழுக்கையும் கிருமிகளையும் நீக்குகிறது. உடல் சுத்தமானால் மனமும் சுத்தமாகிறது. இதுவே தீட்டு என்பதன் உண்மைப் பொருள்."

என் அப்பத்தாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா நாங்க அதுக்குக் குளிக்கலையேப்பா" என்றார். வேறு எதற்கு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போதிலிருந்து எனக்கும் உறுத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் திருத்துங்கள். குரல் பதிவு அடுத்த வாரம்.

கேகேநகர் டாக்டர்

தம்பி, நீங்கள் எழுதியதில் பெரிய தப்பு இல்லை. "உடல் சுத்தமானால் மனமும்" என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், அது அறிவியல் இல்லை. மற்றபடி, குழாயும் சோப்பும் இல்லாத காலத்தில் மனிதர்களைத் தினமும் தண்ணீரில் இறக்க மதத்தை விட்டால் வேறு வழி இருந்திருக்காது. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளி, முடி வெட்டினால் குளி, இதெல்லாம் சுகாதாரம்தான். சாவு வீட்டில் பத்து நாள், பதினாறு நாள் ஒதுங்கி இருப்பதும் ஒருவகைத் தனிமைப்படுத்தல் என்றே நான் நினைக்கிறேன். பழைய நூல்களில் நீருக்குள் எச்சில் துப்பாதே, சிறுநீர் கழிக்காதே என்றெல்லாம் விதி இருக்கிறது. அதை வெறும் நம்பிக்கை என்று தள்ள முடியாது.

தெற்குமாசி

மேலூர்த் தம்பிக்கு, உங்கள் அப்பத்தா சொன்னதுதான் சரி.

டாக்டர் சொல்லும் நீர் விதிகள் உண்மை. ஆனால் அவற்றை வைத்துக் குளியலை விளக்க முடியாது. காரணம், அழுக்கைப் போக்குவதற்கு அந்த நூல்களிலேயே தனி ஏற்பாடு இருக்கிறது. அதற்குப் பெயர் சௌசம். வெளிக்குப் போய் வந்தால் மண்ணும் நீரும் கொண்டு, நாற்றமும் பிசுக்கும் போகிற வரை தேய்த்துக் கழுவு என்று விதி. போய்விட்டதா என்று மூக்கும் கையும்தான் சொல்லும். டாக்டர் சொல்லும் சுகாதாரம் அங்கே இருக்கிறது.

ஸ்நானம் வேறு. அதிலும் பிரிவுகள் உண்டு. எண்ணெய் தேய்த்து அழுக்குப் போகக் குளிப்பதற்கு மலாபகர்ஷண ஸ்நானம் என்று பெயர், அதாவது அழுக்கை இழுத்தெடுக்கும் குளியல். பூசைக்கோ சிராத்தத்துக்கோ முன்னால் குளிப்பதற்குக் கிரியாங்க ஸ்நானம் என்று பெயர். சடங்கின் ஓர் உறுப்பு அது. இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தால் இரண்டு பெயர் எதற்கு? அழுக்குப் போன பிறகும் இரண்டாவது குளியல் பாக்கி இருக்கிறது. எங்கள் தாத்தா வைகையில் தண்ணீர் ஓடிய காலத்தில் குளித்ததைப் பார்த்திருக்கிறேன். கரையில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு, அதற்கப்புறம்தான் ஆற்றில் இறங்குவார். இறங்கி ஆசமனம், சங்கல்பம். நீரோட்டத்தை எதிர்த்து நின்று முழுகுவார். குளமாக இருந்தால் சூரியனைப் பார்த்து. தேய்ப்பது கிடையாது. அழுக்கு ஏற்கெனவே கரையில் போய்விட்டது.

தண்ணீரே இல்லாத குளியலும் உண்டு. ஏழு வகை ஸ்நானம் என்று சொல்வார்கள். முழுகுவது அதில் ஒன்று மட்டுமே. திருநீற்றை உடம்பெங்கும் பூசுவது ஒரு ஸ்நானம். மாட்டு மந்தையின் குளம்படித் தூசி மேலே படுவது ஒரு ஸ்நானம். வெயிலோடு பெய்யும் மழையில் நிற்பது, மண் பூசுவது, மந்திரம் சொல்லி நீர் தெளித்துக்கொள்வது, மனதுக்குள் கடவுளை நினைப்பது, எல்லாமே ஸ்நானம். மாட்டுத் தூசியால் எந்தக் கிருமி போகும்?

ஒத்தக்கடை ராஜா

அண்ணே, எங்க அம்மாவுக்கு 74 வயசு, மூச்சிரைப்பு இருக்கு. வர்ற கிருத்திகைக்குச் சோலைமலை கூட்டிட்டுப் போகணும். வீட்டிலேயே வெந்நீரில் குளிச்சிட்டு வந்தால் செல்லுமா, இல்லை மேலே போய்க் கட்டாயம் தலையில் ஊத்தணுமா? அம்மா ஊத்தியே ஆகணும்னு பிடிவாதம் பண்றாங்க.

தெற்குமாசி

ராஜா, தாராளமாகச் செல்லும். முடியாதவர்களுக்கு விலக்கு நிறைய. தலையை விட்டுக் கழுத்துவரை குளிப்பது கண்ட ஸ்நானம். ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பது கபில ஸ்நானம். வெந்நீர் கூடாது என்பது கிரகணம், சாவு போன்ற காரணத்தால் குளிக்கும்போதுதான், அதுவும் திடமாக இருப்பவர்களுக்கு. மேலே போனதும் நூபுர கங்கையில் கையளவு எடுத்து அம்மா தலையில் தெளியுங்கள். அதுவே போதும்.

நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. இந்த இழைக்கு வேண்டிய ஒரு விதி ஞாபகம் வந்தது. நோயாளி கட்டாயம் குளித்தே ஆக வேண்டிய நிலை, ஆனால் தண்ணீர் பட்டால் உயிருக்கு ஆபத்து. அப்போது என்ன செய்வது? பராசர ஸ்மிருதி சொல்கிறது: திடமான ஒருவர் குளித்துவிட்டு வந்து நோயாளியைத் தொட வேண்டும். மறுபடி போய்க் குளித்து, மறுபடி தொட வேண்டும். இப்படிப் பத்து முறை. பத்தாவது தொடுகையில் நோயாளி சுத்தமாகிவிடுகிறார். அவர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை தொடும்போதும் நோயாளியின் தீட்டு அவருக்கு ஒட்டுகிறது, அதை அவர் தண்ணீரில் விட்டுவிட்டு வருகிறார். கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைப்பது மாதிரி. தீட்டு என்பது தோலில் இருக்கும் பொருளாக இருந்தால் இந்த விதி அர்த்தமே இல்லாதது. ஆளின் மேல் ஏறியிருக்கும் ஒரு நிலை என்றால் சரியாகப் பொருந்துகிறது. தொட்டால் பரவும், தண்ணீர் வாங்கிக்கொள்ளும், ஒருவருக்காக இன்னொருவர் கழிக்கலாம்.

கேகேநகர் டாக்டர்

பத்து முறை விதி எனக்குப் புதிது. அது சுகாதாரத்தில் அடங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சௌசமும் ஸ்நானமும் வேறு என்று நூலில் பிரித்து எழுதிவிட்டால் சனங்களின் பழக்கத்திலும் பிரிந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது? பெரும்பாலான வீடுகளில் ஒரே குளியல்தான்.

சிம்மக்கல் வாசகி

டாக்டர் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். பழக்கத்தில் பிரிந்துதான் இருந்தது. நான் அந்த வீட்டில் வளர்ந்தவள்.

எங்கள் பாட்டி விடிவதற்கு முன் குளித்துவிட்டு மடிப்புடவை கட்டுவார். அது முந்தின நாள் துவைத்து, யார் கையும் எட்டாத உயரத்தில் கொடியில் உலர்ந்தது. கொடியில் போடுவதும் எடுப்பதும் ஒரு மூங்கில் கோலால். அதைக் கட்டிக்கொண்டு அவர் சமைத்துப் பூசை முடிக்கும்வரை நாங்கள் பக்கத்தில் போகக் கூடாது. ஒரு நாள் என் தம்பி, அப்போது மூன்று வயது, என் அம்மா பத்து நிமிடம் முன்னால்தான் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி விட்டிருந்தாள், துவைத்த சட்டை போட்டிருந்தான், ஓடிப் போய்ப் பாட்டியின் காலைக் கட்டிக்கொண்டான். பாட்டி அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய் மறுபடி தலைக்குக் குளித்தார். அந்தச் சட்டை உலர்ந்த கொடி தாழ்வானது, யார் யாரோ தொட்டது. ஆகவே விழுப்பு. அழுக்கு என்று யாரும் சொல்லவில்லை.

அதே பாட்டி குளிர் தாங்காத நாட்களில் பழைய பட்டுப்புடவை கட்டுவார். மாதக்கணக்கில் நனையாத பட்டு. அது மடி. துவைத்த பருத்தி விழுப்பு, துவைக்காத பட்டு மடி. சின்ன வயதில் எனக்கு இது புரியவே இல்லை.

இப்போது என் சொந்த விஷயம். 2016-இல் எனக்குக் கருப்பை எடுக்கும் அறுவை நடந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் ஒரு உறவுக்காரர் வீட்டுப் பூசைக்குப் போனேன். குளித்துவிட்டுத்தான் போனேன். "இன்னும் தீட்டு நிற்கலையாமே" என்று என்னைத் திண்ணையில் உட்கார வைத்தார்கள். அது காயத்திலிருந்து வந்த கசிவு. எந்த நூலில் அதற்கு விதி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் நிச்சயம் இருந்தது. தம்பி, உங்கள் எழுத்தில் தீட்டு என்ற சொல்லை வைத்தால், திண்ணையில் உட்கார்ந்தவளையும் வையுங்கள். "உண்மைப் பொருள் கிருமி" என்று சொல்லிவிட்டால் அந்தத் திண்ணைக்கு நீங்கள் காரணம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தெற்குமாசி

அம்மா, உங்களை உட்கார வைத்ததற்கு ஆதாரம் கிடையாது. நோயால் வரும் இரத்தப் போக்குக்கு மாதத் தீட்டு மாதிரி நாள் கணக்கு இல்லை என்றே ஆசாரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதற்காக நான் வருந்துகிறேன்.

சிம்மக்கல் வாசகி

நன்றி ஐயா. ஆனால் ஆதாரம் இருந்திருந்தால் மட்டும் சரியாகியிருக்குமா என்பதுதான் என் கேள்வி.

கண்மாய்க்கரை

எங்க பக்கம் மடி, விழுப்பு என்ற பேச்செல்லாம் கிடையாது. எங்களுக்குத் தெரிந்தது காப்பும் தீட்டும்தான். அதை வைத்து ஒன்று சொல்கிறேன்.

எங்க ஊர் அம்மன் பொங்கலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள், அடுத்த வாரம் பொங்கல். அக்கினிச்சட்டி எடுக்கிறது எங்க சித்தப்பா. மஞ்சள் துணியில் காப்பு கட்டிய நேரத்திலிருந்து அவருக்குக் கோயில் வாசல்தான் வீடு. செருப்பில்லை, பாய் தலையணை இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு, காலையும் மாலையும் கண்மாயில் முழுக்கு. அந்த வருடம் கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான், அதுவும் செம்மண் கலங்கல். குளித்து எழுந்தால் வேட்டியில் சிவப்புக் கறை. வீட்டில் மோட்டார் போட்டால் தெளிந்த தண்ணீர் வரும், ஆனால் அவர் கண்மாயை விட்டு வரவில்லை.

ஐந்தாம் நாள் எங்க பங்காளி வீட்டுப் பெரியப்பா இறந்துவிட்டார். என் அப்பாவும் சித்தப்பாவும் கூடப் பிறந்தவர்கள், இரண்டு பேருக்கும் ஒரே முறை. அப்பா மயானத்துக்குப் போய் வந்து தலைமுழுகினார். முழுகியும் பதினாறு நாளைக்குக் கோயில் பக்கம் போகவில்லை. சித்தப்பாவோ சாவுக்குப் போகவே இல்லை. அதற்காக ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றிக்கொள்ளவில்லை. பொங்கல் அன்றைக்குச் சட்டி எடுத்தார். காப்பை அவிழ்த்து அவர் மேல் தண்ணி ஊற்றிய அடுத்த நிமிடம் நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனார், அங்கே குளித்தார், மிச்ச நாளுக்குத் தீட்டுக் காத்தார்.

ஒரே ரத்தம், ஒரே சாவு. குளித்தவருக்குத் தீட்டுப் போகவில்லை, குளிக்காதவருக்கு ஒட்டவில்லை. கையில் இருந்த காப்பு மட்டும்தான் வித்தியாசம். காப்பு இருந்த நாளில் தீட்டு வெளியே காத்துக்கொண்டு நின்றது, அவிழ்த்ததும் வந்து பிடித்துக்கொண்டது. டாக்டர் ஐயா சொல்லும் தனிமைப்படுத்தல் என்றால் சித்தப்பா எப்படித் தப்பித்தார்?

ஒத்தக்கடை ராஜா

எங்க ஊரில் அப்படி இல்லை அண்ணே. காப்புக் கட்டிய பிறகும் ஊருக்குள் சாவு விழுந்தால் பிணம் தூக்கும் வரை மேளம் நிற்கும், விளக்குக்கூட ஏற்ற மாட்டார்கள். பங்காளிக்குச் சாவு என்றால் சட்டியை வேற ஆள் எடுப்பார். காப்பு தடுக்கும் என்று எங்க பூசாரி ஒத்துக்க மாட்டார்.

தெற்குமாசி

விரதம் சங்கல்பம் செய்து தொடங்கிவிட்டால் நடுவில் வரும் ஆசௌசம் என்ற தீட்டு ஒட்டாது என்று நூலிலும் உண்டு. கண்மாய்க்கரை ஊரில் அதையே காப்பு சொல்கிறது. ராஜா ஊரிலும் தப்பில்லை, அங்கே அம்மனுக்கும் ஊருக்கும் சேர்த்துத் தீட்டுப் பார்க்கிறார்கள்.

கண்மாய்க்கரை சொன்னதில் முக்கியமானது உங்கள் அப்பா முழுகியும் பதினாறு நாள் காத்தது. சாவுத் தீட்டைத் தண்ணீர் போக்குவதில்லை, நாள்தான் போக்குகிறது. கடைசி நாள் குளியல் முடிந்ததை அறிவிக்கிறது. மயானத்திலிருந்து வந்து முழுகுவது பிணத்தைத் தொட்டதற்கு, அது உடனே போய்விடும். உறவால் வந்தது போகாது. ஒரே சாவில் இரண்டு தீட்டு, இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. "தலைமுழுகிவிட்டேன்" என்று ஓர் உறவை அறுத்ததற்குச் சொல்கிறோமே, அந்தப் பேச்சிலும் அழுக்கு இல்லை, முடிந்துபோனது என்ற பொருள்தான் இருக்கிறது.

காஜிமார் தெரு

இந்த இழையைப் படித்ததும் எழுத வேண்டும் போலிருந்தது. நான் கோயில் விஷயத்தில் கருத்துச் சொல்லவில்லை. எங்கள் பக்கமும் இதே இரண்டு கணக்கு உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

நஜீஸ் என்பது உடலிலோ துணியிலோ படும் அசுத்தம், கழுவினால் போய்விடும். ஹதஸ் என்பது ஒரு நிலை. காற்றுப் பிரிந்தால், தொழுகைக்கு முன் செய்த ஒளு என்ற கழுவல் முறிந்துவிடும். ஆனால் மறுபடி ஒளு செய்யும்போது நாம் கழுவுவது முகம், முழங்கை வரை கைகள், பாதங்கள், தலைக்கு ஈரக்கையால் தடவல். எந்த இடத்தால் முறிந்ததோ அந்த இடத்தைக் கழுவச் சொல்லவில்லை. தண்ணீர் கிடைக்காவிட்டால் தயம்மும்: சுத்தமான மண்ணில் உள்ளங்கையை வைத்து முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டு தொழலாம். மண்ணால் முகம் பளிச்சென்று ஆகாது, ஆனால் தொழுகை கூடும். தெற்குமாசி ஐயா சொன்ன திருநீற்றுக் குளியலைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஒரு வேறுபாடும் சொல்ல வேண்டும். குளிப்புக் கடமையான ஒருவரைத் தொட்டதால் எனக்கு அது ஒட்டாது. அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், பக்கத்தில் உட்காரலாம். பத்து முறை தொடும் விதி எங்களிடம் வர முடியாது, ஏனென்றால் தொடுகையில் எதுவும் கைமாறுவதில்லை.

அவனியாபுரம்

தொடுகை என்ற சொல் வந்துவிட்டது, நான் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

தெற்குமாசி ஐயா, நீங்கள் சொன்ன எல்லாத் தீட்டும் போகும் தீட்டு. குளித்தால் போகும், பத்து நாளில் போகும், நான்காம் நாள் போகும். எங்கள் தாத்தா காலத்தில் எங்களுக்குச் சொன்ன தீட்டு எத்தனை முழுக்குப் போட்டாலும் போகாதது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் அதுவரை உள்ளே விடாதிருந்த சாதிகளைச் சேர்ந்த சிலரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனார். அதில் ஒருவர் கக்கன், மேலூருக்குப் பக்கத்துத் தும்பைப்பட்டிக்காரர். அன்றைக்குக் கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ்.நாயுடு ஆதரவாக நின்றார். சாமி கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? பட்டர்களில் ஒரு பகுதியினர் கோயிலுக்குத் தீட்டு வந்துவிட்டது, சுத்தி செய்யாமல் பூசை செய்ய மாட்டோம் என்றார்கள். போனவர்கள் குளிக்காமல் போனார்களா? அந்தக் கேள்வியே யாருக்கும் எழவில்லை. சிலர் கோயிலை விட்டு வெளியேறித் தனியாக ஒரு மீனாட்சியை வைத்துக் கும்பிட்டார்கள். அந்த வருடமே அரசு சட்டம் கொண்டுவந்து நுழைவைக் காப்பாற்றியது.

தீட்டு என்பது ஒரு நிலை, அழுக்கில்லை என்று நீங்கள் நிரூபித்துவிட்டீர்கள். நானும் அதையே சொல்கிறேன். நிலை என்பதால்தான் அதைப் பிறப்பிலேயே எழுதி வைக்க முடிந்தது. அழுக்காக இருந்திருந்தால் நாங்கள் கழுவிவிட்டு உள்ளே போயிருப்போம்.

தெற்குமாசி

இதற்கு மறுப்பு என்னிடம் இல்லை. என் பெரியப்பா அந்த வெளியேறிய கூட்டத்தோடு போனவர். வீட்டில் அதைப் பெருமையாகப் பேசிக் கேட்டு வளர்ந்தேன். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை என்று புரிய எனக்கு நாற்பது வயது ஆயிற்று.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சைவ பூசையில் அர்ச்சகர் குளித்துவிட்டு, நீறு பூசிக் கருவறைக்குள் வந்த பிறகும் அவர் சுத்தமாகவில்லை என்பதே ஆகமத்தின் நிலை. ஐந்து சுத்தி பாக்கி இருக்கிறது: தன்னை, இடத்தை, பூசைப் பொருளை, மந்திரத்தை, கடைசியில் லிங்கத்தை. முதலாவதில் அவர் உட்கார்ந்து, தன் உடம்பே எரிந்து சாம்பலாவதாகவும், மேலிருந்து அமுதம் பொழிந்து அது மறுபடி உண்டாவதாகவும் பாவிக்க வேண்டும். அதுதான் அவருக்கு உண்மையான முழுக்கு. அந்தணனாகப் பிறந்தது, ஆற்றில் குளித்தது, எதுவும் அங்கே போதாது. இதைத் தினமும் செய்தவர்கள் வாசலில் நின்ற மனிதரை நிரந்தரத் தீட்டு என்று எப்படிச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அவனியாபுரம்

நேராகச் சொன்னதற்கு நன்றி ஐயா.

மேலூர்க்காரன்

மூன்று நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கக்கன் ஊர் எங்களிடமிருந்து கொஞ்சத் தூரம்தான், இந்தப் படத்தில் அவரைப் பற்றி யோசிக்காமல் இருந்ததற்கு வெட்கமாக இருக்கிறது. பழைய எழுத்தை முழுக்க எடுத்துவிட்டேன். அழகர் பற்றிய ஒரு வழக்கத்தையும் சேர்த்திருக்கிறேன். புதிய எழுத்து:

காட்சி: தொட்டியில் விழும் நீர். அப்பத்தாவின் கை.
குரல்: "வீட்டிலேயே குளித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். அழுக்கு அங்கேயே போய்விட்டது. இங்கே மறுபடியும் குளிக்கிறார்கள்."

காட்சி: முழுகி எழும் முகங்கள்.
குரல்: "பெருமாள் உலகளந்தபோது தூக்கிய பாதத்தின் சிலம்பிலிருந்து விழுந்த நீர் என்று சொல்வார்கள். சிலம்பாறு என்பதும் இதன் பெயர். கீழே கோயிலில் அழகருக்குத் திருமஞ்சனம் இந்த நீரில்தான். வேறு நீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது கோயில் வழக்கு. ஐப்பசியில் தைலக்காப்புக்கு அழகரே இங்கே ஏறி வந்து நீராடுகிறார்."

காட்சி: ஈரத்துணியோடு ராக்காயி அம்மன் வாசல்.
குரல்: "அழகருக்குக் கழுவ அழுக்கு ஏது? வீட்டில் இருந்த ஆள் வேறு, சாமி முன்னால் நிற்கும் ஆள் வேறு. நடுவில் இந்தத் தண்ணீர் இருக்கிறது."

காட்சி: கீழே, பதினெட்டாம்படியின் மூடிய கதவு.
குரல்: "இந்தத் தண்ணீருக்கு ஆள் பார்க்கத் தெரியாது. ஆனால் மதுரையில் ஒரு வாசல் 1939 வரை ஆள் பார்த்தது. குளித்து வந்தவர்களையும் வெளியே நிறுத்தியது."

அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழகர் ஏன் குளிக்கிறார் என்ற இடத்தில் தலையாட்டினார். கடைசி வரியில் ஒன்றும் சொல்லவில்லை.

கேகேநகர் டாக்டர்

நன்றாக வந்திருக்கிறது. ஒரே வேண்டுகோள். நூபுர கங்கைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குடிக்கும் காட்சி இருந்தால், மூலிகை நீர், நோய் தீரும் என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோப்பும் ஷாம்பூ உறையும் கரையில் கிடப்பதையும் மறைக்காதீர்கள்.

தெற்குமாசி

அதற்கும் பழைய வழி ஒன்று உண்டு. பிறர் வெட்டிய குளத்தில் குளிப்பவர் அடியிலிருந்து ஐந்து பிடி மண் எடுத்துக் கரையில் போட்டுவிட்டுத்தான் முழுக வேண்டும் என்று யாக்ஞவல்கியர் சொல்கிறார். எடுக்காமல் குளித்தால் குளம் வெட்டியவரின் பாவத்தில் பங்கு வரும் என்று காரணம் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் ஆயிரம் பேர் குளித்தால் ஐயாயிரம் பிடி வண்டல் வெளியே வந்துவிடும்.

சிம்மக்கல் வாசகி

தம்பி, திண்ணை எங்கே?

மேலூர்க்காரன்

அக்கா, எழுதிப் பார்த்தேன், மூன்று முறை. படத்தில் வரும் குடும்பத்தில் என் தங்கையும் இருந்தாள். எடுத்த அன்றைக்கு அவள் மலைக்கு மேலே வரவில்லை, கீழே வண்டியில் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். வண்டி நிற்கும் ஒரு நீளமான காட்சி எங்களிடம் இருக்கிறது, கண்ணாடிக்குள் அவள் தெரிகிறாள். அதை வைக்கலாமா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். இன்று இரவு கேட்கிறேன்.

சிம்மக்கல் வாசகி

கேளுங்கள். குரல் எதுவும் வேண்டாம் அந்த இடத்தில்.